வாட்ச் பாடவில்லையா? போனை வீட்டில் விட்டுவிட்டு ஓடுபவர்களுக்கான பழுது பார்க்கும் வழி

காலையில் ஓடப் போகும்போது போனைத் தூக்கிக்கொண்டு போகப் பிடிக்காமல்தான் பாட்டு வசதி உள்ள வாட்ச் வாங்கினேன். கார்மின் ஃபோர்ரன்னர் 245 மியூசிக். 2019-இல் வந்த மாடல், ஐந்து பொத்தான், தொடுதிரை கிடையாது. அதில் ஸ்பீக்கரும் இல்லை. பாட்டு கேட்க வேண்டுமென்றால் புளூடூத் இயர்பட்ஸ் இருந்தே ஆக வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்த வாட்சை மனதில் வைத்து எழுதியது. பிறகு வந்த பாட்டு வசதியுள்ள கார்மின் மாடல்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். மெனுவின் பெயர் இங்கே அங்கே மாறியிருக்கலாம்.

எங்கள் குடியிருப்பில் இந்த வாட்ச் வைத்திருப்பவர்கள் நான்கைந்து பேர். யாருக்குப் பாட்டு வராவிட்டாலும் கதவைத் தட்டுவது என் வீட்டில்தான். எல்லோரும் சொல்லும் புகார் ஒன்றேதான்: "வாட்ச்ல பாட்டு வரலை." ஆனால் அதற்குள் மூன்று வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. பாட்டு வாட்சுக்குள் வந்தே சேரவில்லை. வந்துவிட்டது, ஆனால் வாட்ச் வேறெங்கோ தேடிக்கொண்டிருக்கிறது. வாட்ச் ஒழுங்காகப் பாடுகிறது, காதுக்குத்தான் வரவில்லை. எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ரீசெட் செய்வதுதான் பலரும் செய்யும் முதல் தப்பு. ரீசெட் செய்தால் இருந்த வைஃபை கடவுச்சொல், இயர்பட்ஸ் இணைப்பு எல்லாம் போய், ஒரு கோளாறு மூன்றாகிவிடும்.

முதலில் ஒரே ஒரு பாட்டு

எந்தப் புகாராக இருந்தாலும் நான் முதலில் செய்வது இதுதான். வாட்சை அதன் யூஎஸ்பி கேபிளால் விண்டோஸ் கணினியில் சொருகுங்கள். பென் டிரைவ் போல வாட்சின் பெயர் தெரியும். உள்ளே போனால் `Music` என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். கணினியில் ஏற்கெனவே ஓடிக் கேட்ட ஒரு எம்.பி.3 பாட்டை, ஒன்றே ஒன்றை, அதில் போட்டுவிட்டுக் கேபிளைப் பிடுங்குங்கள். மேக் வைத்திருப்பவர்களுக்கு வாட்ச் இப்படி நேராகத் தெரியாது. அவர்கள் `Garmin Express` நிறுவி அதன் வழியாகத்தான் ஏற்ற வேண்டும்.

இனி வாட்சில் DOWN பொத்தானை அழுத்திப் பிடித்தால் பாட்டுக் கட்டுப்பாட்டுத் திரை வரும். அங்கே UP-ஐ அழுத்திப் பிடித்து `Music Providers` போய், `My Music`-ஐத் தேர்ந்தெடுத்து அந்தப் பாட்டை ஓடவிடுங்கள்.

காதில் கேட்டதா? அப்படியென்றால் வாட்சும் இயர்பட்ஸும் நல்லபடி இருக்கின்றன. சிக்கல் இணையத்திலிருந்து இறக்குவதில் இருக்கிறது, வைஃபை பக்கம் பாருங்கள். கேட்கவில்லையா? ஸ்பாட்டிஃபையை மறந்துவிட்டு இயர்பட்ஸ் பகுதிக்குப் போங்கள். ஐந்து நிமிட வேலை, பாதி நாள் தேடலை மிச்சப்படுத்தும்.

"பிளேலிஸ்ட் தெரிகிறது, இறங்கமாட்டேன் என்கிறது"

அதிகம் வரும் புகார் இது. போன மாதம் எதிர்வீட்டு அண்ணன் வந்தார். ஓய்வு பெற்றவர், மகன் வாங்கித் தந்த வாட்ச். அவர் கதையை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் இந்த அறிகுறிக்கான காரணங்களில் முக்கால்வாசி அதிலேயே இருக்கிறது.

"தம்பி, நேத்து ராத்திரி பூரா சார்ஜ்ல போட்டு வெச்சிருந்தேன். 180 பாட்டுல ஒண்ணுகூட ஏறலை."

"எதுலண்ணா சார்ஜ் போட்டீங்க?"

"லேப்டாப்லதான். எல்லாம் ஒரே கரண்டுதானே?"

இங்கே ஒரே கரண்டு இல்லை. கணினியில் சொருகியதும் வாட்ச் தன்னை ஒரு பென் டிரைவாக மாற்றிக்கொள்கிறது. அந்த நிலையில் அது வைஃபை தேடாது, பாட்டு இறக்காது. நீங்கள் கோப்பு ஏற்றுவதற்காகக் காத்துக்கொண்டிருக்கும். விடிய விடிய அப்படியே காத்திருந்திருக்கிறது, பாவம். இறக்கும்போது சுவரில் மாட்டும் போன் சார்ஜரைத்தான் பயன்படுத்த வேண்டும். சார்ஜர் தேவையா என்றால், பேட்டரி நிறைய இருந்தால் கட்டாயமில்லை. ஆனால் வைஃபையில் இறக்குவது பேட்டரியை நன்றாகக் குடிக்கும். போதாது என்று வாட்சுக்குத் தோன்றினால் மின்சாரத்தில் சொருகச் சொல்லி நின்றுவிடும். சொருகிவிட்டே தொடங்குவது நல்லது.

சரி, சார்ஜரை மாற்றினோம். இப்போதும் இறங்கவில்லை, வைஃபை இணைப்பு இல்லை என்றது. அடுத்த முடிச்சு இது. இந்த வாட்ச் போன் வழியாகப் பாட்டு இறக்குவதில்லை. போனோடு இருக்கும் புளூடூத் இணைப்பு அறிவிப்புகளுக்கும் ஓட்டக் கணக்குக்கும் போதும். பாட்டுக்கு வாட்ச் தானே வீட்டு வைஃபையில் சேர வேண்டும். "போன்ல நெட் இருக்கே" என்பது இங்கே செல்லாது. வாட்சுக்கு வைஃபை சொல்லிக்கொடுப்பது போனில் உள்ள `Garmin Connect` ஆப்பில். அதில் வாட்சின் படத்தைத் தொட்டு, அமைப்புகளுக்குள் `Wi-Fi Networks` தேடி, நெட்வொர்க்கைச் சேர்த்துக் கடவுச்சொல் கொடுக்க வேண்டும்.

அண்ணன் வீட்டில் அதையும் மகன் செய்து வைத்திருந்தார். ஆனால் சேர்த்திருந்தது பெயரின் கடைசியில் `_5G` என்று முடியும் நெட்வொர்க். 245 மியூசிக்குக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். போனில் எது வேகமோ அதைப் பார்த்துச் சேர்ப்பது நமக்குப் பழக்கம், அங்கேதான் வாட்ச் தடுக்கி விழுகிறது. பட்டியலில் பெயர் இருக்கும், கடவுச்சொல்லும் சரியாக இருக்கும், வாட்சின் கண்ணுக்கு மட்டும் அந்த நெட்வொர்க் இருக்கவே இருக்காது. ஆப்பில் அதை நீக்கிவிட்டு `_5G` இல்லாத பெயரைச் சேர்த்தோம். பாட்டு எண்ணிக்கை நகர ஆரம்பித்தது.

சில வீடுகளில் ரவுட்டர் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் வைத்திருக்கும். பெரும்பாலும் வாட்ச் தானாக 2.4-ஐப் பிடித்துக்கொள்ளும். பிடிக்கத் தடுமாறினால் ரவுட்டர் அமைப்பில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்துவிடுங்கள். பாதுகாப்பு முறை `WPA3` மட்டும் என்று இருந்தாலும் பழைய வாட்ச்கள் உள்ளே வராது. `WPA2` அல்லது இரண்டும் கலந்த முறைக்கு மாற்றினால் போதும். ரவுட்டரைத் தொட வீட்டில் அனுமதி இல்லையென்றால் இன்னொருவர் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதை 2.4-இல் வைத்துப் பாருங்கள். ஐபோன் 12-இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் `Maximize Compatibility` என்று ஒன்று இருக்கும். அதை இயக்கினால் 2.4-க்கு வந்துவிடும். ஹாட்ஸ்பாட்டில் இறங்குகிறது, வீட்டு வைஃபையில் இறங்கவில்லை என்றால் குற்றவாளி ரவுட்டர்தான், சந்தேகமே வேண்டாம்.

விடுதி, அலுவலகம், ரயில் நிலையம் என்று போன இடத்தில் இறக்கலாம் என்று நினைக்காதீர்கள். பிரவுசர் பக்கம் திறந்து அறை எண்ணோ ஓ.டி.பி-யோ கேட்கும் வைஃபை எதுவும் வாட்சுக்கு ஆகாது. அந்தப் பக்கத்தைத் திறக்க வாட்சில் பிரவுசர் ஏது?

அண்ணன் கதை அதோடு முடியவில்லை. 60 பாட்டு இறங்கிய பிறகு நின்றுவிட்டது. மறுபடி தொடங்கினோம், இன்னும் கொஞ்சம் வந்தது, மறுபடி நின்றது. இங்கே பழுது என்று தனியாக எதுவுமில்லை. வாட்ச் சிறிய கருவி, அதன் வைஃபை ஆன்டெனாவும் சிறியது. ரவுட்டர் கூடத்தில், வாட்ச் படுக்கையறையில். நீண்ட வேலையில் ஒரு இடத்தில் இணைப்பு விட்டால் முழுப் பட்டியலும் நின்றுவிடும். வாட்சை ரவுட்டர் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தோம். 180 பாட்டுப் பட்டியலை 45, 45 ஆக நான்கு பிளேலிஸ்டாகப் பிரித்து, ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்தோம். நான்கும் அன்று மாலைக்குள் முழுதாக வந்து சேர்ந்தன. ஓடப்போகிறவருக்கு 45 பாட்டு மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. ஒரே நாளில் 180 பாட்டு கேட்டு ஓடுபவர் யார் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று: சந்தா. ஸ்பாட்டிஃபையில் வாட்சுக்கு இறக்கப் பிரீமியம் வேண்டும், இலவசக் கணக்குக்கு அந்த வசதி கிடையாது. பிரீமியத்திலேயே பல வகை விற்கிறார்கள். உங்களுடையதில் ஆஃப்லைன் டவுன்லோடு சேர்ந்திருக்கிறதா என்று கணக்குப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"வாட்சில் பாட்டு ஓடுகிறது, காதில் சத்தமே இல்லை"

திரையில் பாட்டின் பெயர் தெரிகிறது, ஓடுவது போலவும் இருக்கிறது, காதில் மட்டும் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் மேஜையில் போன் தனியாகப் பாடிக்கொண்டிருக்கும். சிரிப்பாக இருந்தாலும் இது அடிக்கடி நடக்கிறது.

காரணம், அந்தக் கட்டுப்பாட்டுத் திரைக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, வாட்சில் உள்ள பாட்டை ஓட்டுவது. இன்னொன்று, போனுக்கு ரிமோட்டாக இருப்பது. `Music Providers` பட்டியலில் `Control Phone` தேர்வாகியிருந்தால் வாட்ச் வெறும் ரிமோட்தான். குடியிருப்பு வாசலைத் தாண்டும் வரை புளூடூத் எட்டும், பெயரும் தெரியும். அப்புறம் திரை வெறுமையாகும். UP-ஐ அழுத்திப் பிடித்து `Music Providers` போய், நீங்களே ஏற்றிய கோப்புகளுக்கு `My Music`, ஸ்பாட்டிஃபையில் இறக்கியதற்கு `Spotify` என்று மாற்றுங்கள். இரண்டும் தனித்தனி அலமாரிகள். ஸ்பாட்டிஃபையில் இறக்கிய பாட்டை `My Music`-இல் தேடினால் கிடைக்காது. "இறக்கின பாட்டு காணாமப் போச்சு" என்று வருபவர்களில் பாதிப்பேர் தப்பான அலமாரியைத் திறந்தவர்கள்தான்.

"இயர்பட்ஸ் வாட்சில் தெரியவே இல்லை"

இயர்பட்ஸை வாட்சின் மெனுவிலிருந்துதான் இணைக்க வேண்டும்: `Music`, அதற்குள் `Headphones`, அதற்குள் `Add New`. போனில் ஏற்கெனவே இணைத்திருக்கிறேனே என்றால், அந்த இணைப்பு போனுக்கு மட்டும்தான். வாட்ச் அதைக் கடன் வாங்காது.

தெரியாமல் போவதற்கு முக்கால்வாசிக் காரணம், இயர்பட்ஸ் டப்பாவைத் திறந்த அடுத்த நொடியே பழைய சிநேகிதனான போனோடு ஒட்டிக்கொள்வது. ஒட்டிக்கொண்டால் புதியவர் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே முதலில் போனின் புளூடூத்தை முழுதாக நிறுத்துங்கள். டேப்லெட், லேப்டாப், டி.வி. என்று எதோடெல்லாம் இணைத்திருக்கிறீர்களோ அவற்றிலும்தான். என் இயர்பட்ஸ் ஒருமுறை பக்கத்து அறை டி.வி-யைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் அலைக்கழித்தது. பிறகு இயர்பட்ஸைப் பேரிங் நிலையில் வையுங்கள். டப்பாவில் இருக்கும் பொத்தானையோ பட்ஸின் தொடும் இடத்தையோ விளக்கு மின்னும் வரை அழுத்திப் பிடிப்பது வழக்கமான முறை. டப்பாவைத் திறந்தால் மட்டும் போதாது. வாட்சை 2 மீட்டருக்குள் வைத்துக்கொண்டு `Add New` போங்கள். பெயர் வந்ததும் தேர்ந்தெடுங்கள்.

ஒருமுறை இணைந்த பிறகு தினசரி வரும் தொல்லை வேறு: வீட்டில் கிளம்பும்போது பட்ஸைக் காதில் போட்டால் போன் முந்திக்கொள்கிறது. இதற்கு நான் கண்டுபிடித்தது ஒரு சோம்பேறி வழி. பட்ஸை வீட்டுக்குள் போடுவதில்லை. டப்பாவோடு கீழே இறங்கி, கேட்டைத் தாண்டியபின் காதில் மாட்டுகிறேன். போன் எட்டாத தூரம், வாட்ச் மட்டும்தான் பக்கத்தில். தானாகச் சேர்ந்துவிடும்.

எல்லாம் செய்தும் சேரவில்லையென்றால் வாட்சின் பட்டியலிலிருந்து இயர்பட்ஸை நீக்கி, LIGHT பொத்தானை 15 விநாடி அழுத்திப் பிடித்து வாட்சை அணைத்து, மறுபடி போட்டு, புதிதாக இணையுங்கள். இதில் பாட்டும் போகாது, வைஃபையும் போகாது.

"வீட்டில் நன்றாகக் கேட்கிறது, மைதானத்தில் விட்டுவிட்டு வருகிறது"

இந்த ஒன்றில்தான் பலர் இயர்பட்ஸையே மாற்றிவிடுகிறார்கள். அதற்கு முன் வாட்சைக் கை மாற்றிக் கட்டிப் பாருங்கள்.

சொல்கிறேன். புளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மனித உடம்பு நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். நம் உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தானே. இடது மணிக்கட்டில் வாட்ச், வலது காதில் சிக்னல் வாங்கும் பட் என்றால் நடுவே நெஞ்சும் தலையும் மதிலாக நிற்கின்றன. அறைக்குள் இது தெரியாது, ஏனென்றால் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் அலை சுற்றிக்கொண்டு காதுக்கு வந்துவிடும். திறந்த மைதானத்தில் திருப்பி அனுப்பச் சுவர் ஏது? அதனால்தான் வீட்டில் தேன் மாதிரி ஒழுகிய பாட்டு, மைதானத்தில் கை பின்னால் போகும் ஒவ்வொரு முறையும் அறுந்து அறுந்து வருகிறது. கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினால் கடைக்குள் ஒழுங்காக ஓடும், நமக்குத்தான் அவமானம்.

கோயம்புத்தூரில் நான் ஓடுவது ரேஸ்கோர்ஸ் நடைபாதையில். மரமும் கட்டடமும் இருக்கும் பக்கத்தில் அவ்வளவு அறுபடாது. வெட்டவெளி வந்தால் ஆரம்பிக்கும். ஒருநாள் வேலை மெனக்கெட்டுச் சோதித்துப் பார்த்தேன். அதே பாட்டு, அதே பட்ஸ். முதல் சுற்று வாட்ச் இடது கையில்: கை வீச்சுக்கு ஏற்ப வெட்டு. இரண்டாம் சுற்று வலது கையில்: ஓரிரு இடம் தவிர வெட்டே இல்லை. மூன்றாம் சுற்றில் இடது கையிலேயே வைத்து, முழங்கையை மடக்கி வாட்சை மார்பின் முன்னால் கொண்டுவந்தேன், வெட்டு நின்றது. கையைத் தொங்கவிட்டதும் திரும்ப வந்தது. அன்றோடு வாட்ச் வலது கைக்கு மாறியது.

எந்தக் கை என்பது பட்ஸைப் பொறுத்தது. பல இயர்பட்ஸில் ஒரு பக்கம் தலைவர், மறுபக்கம் தொண்டர். தலைவர் சிக்னலை வாங்கி மறு காதுக்கு அனுப்புவார். எது தலைவர் என்று டப்பாவில் போட்டிருக்காது. கண்டுபிடிக்க எளிய வழி: இரண்டு பட்டையும் மாட்டிக்கொண்டு, வாட்சை ஒரு கையில் கட்டி நூறு மீட்டர் ஓடுங்கள். பிறகு கை மாற்றி. எந்தக் கையில் கட்டும்போது வெட்டில்லாமல் வருகிறதோ அந்தக் கையில் வாட்ச். இரண்டு பட்டும் நேராக சிக்னல் வாங்கும் புதிய வகையில் இந்த வேறுபாடு குறைவாக இருக்கும். அப்போதும் வாட்சுக்கு எதிர்ப்பக்கக் காது சிரமப்படும்.

கை மாற்றியும் மாறவில்லையென்றால்தான் பட்ஸின் சார்ஜையும் அதன் ஃபர்ம்வேர் புதுப்பிப்பையும் பார்க்க வேண்டும். சார்ஜ் கடைசிக்கு வரும்போது சில பட்ஸ் இப்படி இழுக்கும்.

"பாட்காஸ்ட் ஏற்றினேன், பட்டியலில் இல்லை"

பாட்காஸ்டுக்கு நான் ஸ்பாட்டிஃபையை நம்புவதில்லை. பெரும்பாலான பாட்காஸ்ட்களை அவற்றின் தளத்திலிருந்தே எம்.பி.3-ஆக இறக்கலாம், காசு கிடையாது, வைஃபை பஞ்சாயத்தும் கிடையாது. யூஎஸ்பியில் `Music` ஃபோல்டரில் போட்டால் முடிந்தது. முடியவில்லையென்றால் கோப்பின் வகையைப் பாருங்கள். எம்.பி.3, ஏ.ஏ.சி. வகை எம்.4.ஏ. இரண்டும் வாட்சுக்குத் தெரியும். ஃபிளாக், ஓபஸ் தெரியாது; காப்பி ஆகும், இடத்தையும் பிடிக்கும், பட்டியலில் மட்டும் வராது. வாட்ஸ்ஆப்பில் வந்த குரல் பதிவுகள் ஓபஸ்தான். ஸ்பாட்டிஃபையோ யூடியூப் மியூசிக்கோ போனுக்குள் இறக்கி வைத்த கோப்புகளும் பூட்டுப் போட்டவை. எடுத்துப் போட்டாலும் ஓடாது.

நீளமான பேச்சுக்கு நான் ஒரு மாற்று வேலை செய்வதுண்டு. 128 கே.பி.பி.எஸ்-இல் ஒரு மணி நேரம் 58 எம்.பி. அளவு வரும். பேச்சுக்கு அவ்வளவு தேவையில்லை. மோனோவில் 64 போதும், அளவு பாதியாகும், யூஎஸ்பியில் ஏறும் நேரமும் பாதி. கணினியில் எஃப்.எஃப்.எம்பெக் இருந்தால்:

```
ffmpeg -i pechu.m4a -vn -ac 1 -b:a 64k pechu.mp3
```

அப்புறம், ஒன்றரை மணி நேரப் பேச்சில் நாற்பதாம் நிமிடத்தில் நின்று, நடுவில் ஒரு பாட்டு கேட்டுவிட்டுத் திரும்பினால் விட்ட இடத்தைத் தேட வேண்டும். ஐந்து பொத்தானை வைத்துக்கொண்டு ஓட்டத்தின் நடுவே தேடுவது நரகம். அதனால் 20 நிமிடத் துண்டுகளாக வெட்டிவிடுகிறேன்:

```
ffmpeg -i pechu.mp3 -f segment -segment_time 1200 -c copy pechu-%02d.mp3
```

`pechu-00.mp3`, `pechu-01.mp3` என்று வரிசையாக விழும். மூன்றாம் துண்டில் விட்டேன் என்பது மட்டும் நினைவிருந்தால் போதும்.

தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகள் வாட்சில் வெறும் கட்டங்களாகத் தெரிந்தால் கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். வாட்சில் அந்த எழுத்துரு இல்லை, அவ்வளவுதான், பாட்டு ஓடும். ஆனால் எல்லாமே கட்டம் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? கோப்பின் பெயரை மாற்றினால் மட்டும் போதாது, ஏனென்றால் வாட்ச் காட்டுவது கோப்புக்குள் எழுதியிருக்கும் தலைப்பு, பாடகர், ஆல்பம் விவரங்களை. `Mp3tag` போன்ற ஒரு மென்பொருளில் திறந்து அந்த விவரங்களை ஆங்கில எழுத்தில் எழுதிவிடுங்கள். முன்னால் 01, 02 என்று எண் போட்டால் வரிசையும் குலையாது.

"பாட்டு போட்டால் பேட்டரி பாதி வழியில் தீர்கிறது"

இது கோளாறு இல்லை. 245 மியூசிக்கில் ஜி.பி.எஸ். மட்டும் ஓடினால் 24 மணி நேரம் வரை வரும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார்; பாட்டும் சேர்ந்தால் 6 மணி நேரம். வாட்ச் பழசாக ஆக அதுவும் குறையும். முழு மாரத்தானுக்குப் பாட்டோடு போகிறவர்கள் முந்தின இரவு நூறு சதவீதம் ஏற்றிவிட்டுப் போங்கள்.

"நேற்று வரை ஓடிய பிளேலிஸ்ட் இன்று ஓடவில்லை"

ஸ்பாட்டிஃபையில் இறக்கியதென்றால் தேதியைப் பாருங்கள். இறக்கிய பாட்டுகள் நிலைக்க 30 நாளுக்கு ஒருமுறையாவது இணையத்துக்கு வந்து சந்தா இருக்கிறதென்று காட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் விதி. போனில் தினமும் பாட்டு கேட்பவருக்கு இது தெரியாது, போன் எப்போதும் இணையத்தில்தானே இருக்கிறது. வாட்சோ இறக்கிய நாளுக்குப் பிறகு வைஃபை பக்கமே போயிருக்காது. வாட்சைச் சுவர் சார்ஜரில் சொருகி, ஸ்பாட்டிஃபைக்குள் போய் ஒரு பாட்டையாவது புதிதாக இறக்கிப் பாருங்கள். அப்படியும் எழவில்லையென்றால்தான் வாட்சில் ஸ்பாட்டிஃபையை நீக்கி, மறுபடி நிறுவி, உள்நுழைந்து, பட்டியல்களைப் பழையபடி இறக்க வேண்டும்.

`My Music`-இல் நீங்களே ஏற்றிய கோப்புகளுக்கு இந்தக் கெடு கிடையாது. எதிர்வீட்டு அண்ணன் இப்போது 45 பாட்டில் ஒரு பட்டியலை மட்டும் ஸ்பாட்டிஃபையில் வைத்துக்கொண்டு, மற்றதெல்லாம் தன் பழைய எம்.பி.3 சேமிப்பிலிருந்து ஏற்றிக்கொள்கிறார். லேப்டாப்பில் சொருகித்தான்.